27 எச்.பி. புதுசா, 42 எச்.பி. பழசா? ஊரில் அப்பாவுக்கு டிராக்டர் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மகள். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம் 6 ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் அப்பா. இரண்டரை ஏக்கர் கரும்பு, 2 ஏக்கர் தென்னை, ஒன்றரை ஏக்கர் மஞ்சள். உழவுக்கு ஆள் கூப்பிட்டால் நாலு நாள் கழித்துத்தான் டிராக்டர் வருகிறது. மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்த இரண்டு நாளில் ஊருக்கே உழவு வேண்டும். ‘நாமளே ஒண்ணு வாங்கிரலாம்’ என்ற பேச்சு அப்படித்தான் வீட்டில் ஆரம்பிக்கிறது.

அப்பாவின் கண் பக்கத்து ஊரில் விற்பனைக்கு நிற்கும் 42 எச்.பி. வண்டி மீது. 2014 மாடல், மீட்டரில் 4,100 மணி, சொல்லும் விலை 3 லட்சத்து 20 ஆயிரம். மகள் போனில் பார்த்து வைத்திருப்பது புது 27 எச்.பி. மினி டிராக்டர். ஆன்-ரோடு 5 லட்சத்து 40 ஆயிரம்.

“அம்மிணி, அந்த விலைக்கு இதுல ரெண்டு வாங்கலாம். பவரும் ஜாஸ்தி” என்கிறார் அப்பா.

“பவர் இருக்குதுங்கப்பா. ஆனா அது நம்ம கரும்புக்குள்ள போகுமாங்க?” என்கிறாள் மகள்.

இந்தக் குடும்பம் ஓர் உதாரணம்தான். விலைகளும் மணிக்கணக்குகளும் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மகள் கேட்ட கேள்விதான் டிராக்டர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது. எத்தனை எச்.பி. என்பது அதற்கு அப்புறம்.

எச்.பி.க்கு முன்னாடி அகலம்

டிராக்டர் தனியாக எந்த வேலையும் செய்வதில்லை. பின்னால் மாட்டும் கருவிதான் வேலை செய்கிறது. அதனால் பேப்பரில் முதலில் எழுத வேண்டியது தோட்டத்தில் ஒரு வருடத்தில் நடக்கும் வேலைகளின் பட்டியல். எந்தப் பயிர், எந்த வேலை, எந்தக் கருவி, எத்தனை தடவை, எவ்வளவு நேரம்.

இந்தத் தோட்டத்துக்கு அந்தப் பட்டியல் இப்படி வருகிறது. கரும்பில் களை எடுக்கவும் மண் அணைக்கவும் வருடத்துக்கு நாலு ஓட்டம், மொத்தம் 20 மணி நேரம். தென்னந்தோப்பில் நாலு தடவை ரோட்டவேட்டர், 15 மணி நேரம். மஞ்சளுக்கு நிலம் தயார் செய்து பார் போட 10 மணி நேரம். மறுதாம்பு முடிந்து கரும்பு நிலத்தை மாற்றும்போது வரும் கூடுதல் உழவு, மற்ற சில்லறை வேலைகள் என்று இன்னொரு 15 மணி நேரம். ஆக, வருடத்துக்குச் சுமார் 60 மணி நேரம்.

இதில் பெரிய பங்கு கரும்புக்கு. வரிசைக்கு வரிசை 4 அடி இடைவெளி விட்டு நட்டிருக்கிறார்கள். மினி டிராக்டர்களில் பலவற்றின் மொத்த அகலம் ஒரு மீட்டரை ஒட்டி, அதாவது மூன்றேகால் அடி அளவில் இருக்கும். அவை அந்த வரிசைக்குள் நுழைந்து வெளியே வரும். 42 எச்.பி. வண்டி ஐந்தரை அடிக்குக் குறையாது. நடவுக்கு முன்னால் அது உழலாம். நட்ட பிறகு வேலியோரம் நிற்க வேண்டியதுதான். அந்த 20 மணி நேர வேலைக்குத் திரும்பவும் ஆள் கூப்பிட வேண்டும், அல்லது களையெடுக்கும் கருவியை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

மினிக்கும் எல்லை உண்டு. கரும்பு மூன்று மாதம் தாண்டி உயர்ந்து தோகை விரித்துவிட்டால் அதுவும் உள்ளே போகாது. மஞ்சளில் பார் போட்டு முளைவந்த பிறகு எந்த டிராக்டருக்கும் வேலை இல்லை. இரண்டரை அடி, 3 அடி வரிசையில் கரும்பு நடுகிறவர்களுக்கு மினி டிராக்டரும் உதவாது. அதனால் ஷோரூமுக்குப் போகும்போது இரண்டு அளவுகள் கையில் இருக்க வேண்டும்: தோட்டத்தில் டேப் வைத்து அளந்த வரிசை இடைவெளி, வண்டியின் பின் டயர்களின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரையான அகலம். இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு நாலு விரல் இடமாவது வேண்டும்.

அப்போ எச்.பி. எதுக்கு?

ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எச்.பி. இன்ஜினுடையது. ரோட்டவேட்டர் போல சுழலும் கருவிகளுக்கு வண்டியின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு வழியாகத்தான் சக்தி போகிறது. வழியில் கொஞ்சம் குறைந்து, பொதுவாக 85 சதவீதத்தை ஒட்டித்தான் அங்கே வந்து சேரும். 27 எச்.பி. வண்டி என்றால் பி.டி.ஓ.வில் 22, 23 கிடைக்கும். விற்பனையாளரிடம் ‘பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு?’ என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த எண்தான் ரோட்டவேட்டரின் அகலத்தை முடிவு செய்கிறது. 25 எச்.பி. பக்கம் இருக்கும் வண்டிகளுக்கு 3 முதல் 4 அடி. 35, 40 எச்.பி. வண்டிகளுக்கு 5 அடி. 45, 50-க்கு 6 அடி. ‘கொஞ்சம் பெருசா மாட்டினா சீக்கிரம் முடிஞ்சிரும்’ என்று 27 எச்.பி.க்கு 5 அடி மாட்டினால் இன்ஜின் திணறும், கரும்புகை தள்ளும், கிளட்ச் சீக்கிரம் தேயும், டீசலும் கூடும்.

கலப்பை விஷயம் வேறு. அது சுழல்வதில்லை, இழுக்கப்படுகிறது. இழுவைக்கு எச்.பி. மட்டும் போதாது; வண்டியின் எடை வேண்டும். எடை இல்லையென்றால் எவ்வளவு சக்தி இருந்தாலும் டயர் சறுக்கிச் சுற்றுமே தவிர வண்டி நகராது. மினி டிராக்டர்கள் 650 முதல் 1,000 கிலோ வரை இருக்கும். 40 எச்.பி. வண்டிகள் 1,700 கிலோவைத் தாண்டும். அதனால் 9 கொத்துக் கலப்பையும் ஆழமாகப் புரட்டும் சட்டிக் கலப்பையும் பெரிய வண்டிக்குரியவை. மினிக்கு 5 கொத்து. மினிகளில் நாலு சக்கரமும் இழுக்கும் மாடல்கள் கிடைக்கின்றன. ஈர மண்ணில் அது உதவும். ஆனாலும் எடைக்குறைவை அது முழுதாக ஈடு கட்டாது.

இந்தத் தோட்டத்தில் ஆழ உழவு தேவைப்படுவது வருடத்தில் ஒரு நாள், சில வருடம் அதுவும் இல்லை. அந்த ஒரு நாளுக்காக மீதி வருடம் முழுவதும் கரும்புக்குள் போகாத வண்டியை வைத்திருப்பதா, அந்த ஒரு நாள் மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் அப்பாவும் மகளும் பேச வேண்டிய விஷயம். இதே 6 ஏக்கரும் முழுக்க நெல்லோ மானாவாரியோ என்றால் பதில் தலைகீழாகிவிடும். அங்கே வரிசைக்குள் நுழையும் வேலையே இல்லை. அப்பா சொல்வதுதான் சரி.

பழைய வண்டி: மீட்டரை நம்பாமல் பார்ப்பது எப்படி?

அதற்காக பழைய வண்டியைப் பார்க்காமலே ஒதுக்க வேண்டியதில்லை. பழைய மினி டிராக்டரும் சந்தையில் உண்டு. எதுவானாலும் பார்க்கும் முறை ஒன்றுதான்.

4,100 மணி என்கிறது மீட்டர். 2014-லிருந்து கணக்குப் போட்டால் வருடத்துக்கு 400 மணி நேரத்துக்கும் குறைவு. வாடகைக்கு ஓடிய வண்டி என்றால் இது நம்புகிற மாதிரி இல்லை. பழைய வண்டிகளில் மணி மீட்டர் இன்ஜின் சுற்றும் வேகத்தோடு சேர்ந்து ஓடும். மெதுவாக ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு முழு மணி ஏறாது. கேபிள் அறுந்தால் ஏறவே ஏறாது. மீட்டரையே மாற்றியும் வைக்கலாம். அதனால் மீட்டரை விட்டுவிட்டு தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கிளட்ச், பிரேக் பெடல்களின் வரிகள் வழவழப்பாகியிருக்கிறதா? பின்னால் கருவி மாட்டும் ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா? மீட்டர் 4,000 சொல்லி, ஓட்டை நீள்வட்டமாக இருந்தால் ஓட்டை சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது ஸ்டார்ட். காலையில், இன்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது பார்க்க வேண்டும். ‘நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முதல் நாளே சொல்லிவிடலாம். போனதும் முதல் வேலை இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். அப்படியானால் இன்னொரு நாள் காலை திரும்பப் போவதுதான் சரி.

ஸ்டார்ட் ஆன பிறகு புகையைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். உள்ளிருந்து புகை பலமாக விட்டு விட்டுத் தள்ளினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. இன்ஜின் வேலைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆயில் அளவுகோலில் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது, ஹைட்ராலிக் லிஃப்ட். கனமான ரோட்டவேட்டரை மாட்டி முழு உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். யாரும் அதன் அடியில் நிற்கக் கூடாது. பத்து நிமிடத்தில் கருவி தரையைத் தொட்டிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. தூக்கும்போது வெட்டி வெட்டி ஏறினாலும் அதே பிரச்சினைதான். வீட்டு வாசலில் சும்மா ஓட்டிக் காட்டினால் இது தெரியாது. அதனால்தான் எந்தப் பழைய வண்டியையும் கருவி மாட்டி, வயலில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. பளு ஏறும்போது கியர் தானாக நழுவினாலும் கிளட்ச் சறுக்கினாலும் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

நம் உதாரணத்தில் மெக்கானிக்கோடு போய்ப் பார்த்ததில் இன்ஜின் நன்றாக இருக்கிறது. பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும், சுமார் 40,000 ரூபாய். கிளட்ச், லிஃப்ட் வேலை சேர்த்து 20,000. ஆக, 3 லட்சத்து 20 ஆயிரம் என்பது உண்மையில் 3 லட்சத்து 80 ஆயிரம். பேரம் பேச வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான்.

ஆர்.சி.யில் பார்க்க வேண்டியது

வண்டியின் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் உலோகத்தில் இருக்கும்படியே போட்டோ எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, கடன் பாக்கிப் பதிவு இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் அங்கே இருந்தால், ‘கடன் அடைச்சாச்சு’ என்ற வாய் வார்த்தை போதாது. அந்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வந்து, ஆர்.சி.யிலிருந்து அந்தப் பெயர் நீங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதிவுக்கு ஆயுள் 15 வருடம் என்பதால், 2014 வண்டிக்கு 2029-ல் புதுப்பிக்கும் செலவும் வரும்.

பெயர் மாற்றாமல் ஓட்டுவது கிராமங்களில் சகஜம். விபத்து என்று ஒன்று நடந்தால்தான் அதன் விலை தெரியும். ஆர்.சி.யில் இருப்பவரையும் ஓட்டியவரையும் சேர்த்து வழக்கு இழுக்கும்.

‘8 சதவீதம்’ எப்படி 11-ஐவிட அதிகமாகிறது?

இப்போது பணம். புது மினியின் ஆன்-ரோடு விலை 5 லட்சத்து 40 ஆயிரம். அதோடு 4 அடி ரோட்டவேட்டர் 80,000, 5 கொத்துக் கலப்பை 20,000, பார் போடும் கலப்பை 10,000. மொத்தம் ஆறரை லட்சம். விளம்பரத்தில் வரும் விலையில் கருவிகள் சேராது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் விவசாயக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. விலைப்பட்டியல் வாங்கும்போது அந்த 5 சதவீதம்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

கையிலிருந்து இரண்டரை லட்சம், கடன் 4 லட்சம், 5 வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்தில் விசாரிக்கிறார்கள். ஷோரூமிலேயே உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவன ஆள் ‘8 சதவீதம்தான் சார்’ என்கிறார். வங்கி 11 சதவீதம் என்கிறது.

நிதி நிறுவனம் சொன்னது ஃபிளாட் வட்டி. அதாவது அசல் குறையக் குறைய வட்டி குறையாது. 5 வருடமும் முழு 4 லட்சத்துக்கே வட்டி. 4 லட்சத்துக்கு வருடம் 32,000, ஐந்து வருடத்துக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். பத்து தவணை, ஒவ்வொன்றும் 56,000 ரூபாய்.

வங்கி சொன்னது குறையும் அசலுக்கான வட்டி. அதே 4 லட்சம், அதே பத்து தவணை. ஒவ்வொன்றும் சுமார் 53,070 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 1 லட்சத்து 31 ஆயிரம். 11 சதவீதக் கடன் 29,000 ரூபாய் மலிவு. அந்த ‘8 சதவீத’ ஃபிளாட் கடனை வங்கிக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் 13 சதவீதத்துக்கும் மேல் வருகிறது.

ஆகவே வட்டி சதவீதத்தைக் கேட்டு ஒப்பிடுவதில் பயன் இல்லை. ‘4 லட்சம் கொடுத்தால் ஒரு தவணை எவ்வளவு, மொத்தம் எத்தனை தவணை, கையில் வரும் முன் பிடிக்கும் செலவெல்லாம் எவ்வளவு?’ இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கினால் போதும். பெருக்கிக் கூட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

வங்கிக் கடனில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையான விவசாயக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல் போனால் வங்கி நிலத்தை அடமானமாகக் கேட்கலாம். நிதி நிறுவனம் பெரும்பாலும் வண்டியை மட்டும் பிணையாக வைத்துக்கொள்ளும். 29,000 ரூபாய் மிச்சத்துக்காகத் தோட்டத்துப் பத்திரத்தைக் கொடுக்கலாமா என்பது ஒவ்வொரு வீடும் தானே எடுக்க வேண்டிய முடிவு. அடமானம் என்றால் சட்டக் கருத்து, மதிப்பீடு, பதிவுச் செலவுகளும் அந்த 29,000-லிருந்து கழியும்.

மகளுக்கும் இதில் ஒரு விஷயம். அவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் இந்தக் கடன் அவருடைய சிபில் அறிக்கையிலும் ஏறும். இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது டிராக்டர் தவணையும் அவர் கணக்கில் கழிக்கப்படும். அப்பாவின் தவணை ஒன்று தள்ளிப்போனால் மகளின் ஸ்கோர் இறங்கும். அதனால் தவணைத் தேதியை மஞ்சள் விற்கும் மாதத்துக்கும் கரும்புப் பணம் வரும் மாதத்துக்கும் பொருத்தி வைக்கச் சொல்வது முக்கியம். மாதத் தவணை சம்பளக்காரருக்குச் சரி, தோட்டத்துக்கு ஒத்து வராது.

பழைய வண்டிக்கும் கடன் கிடைக்கும். ஆனால் வட்டி கூடுதல், காலம் குறைவு. 42 எச்.பி. வண்டிக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் கடன், 3 வருடம், 11 சதவீத ஃபிளாட் என்றால் ஆறு மாதத் தவணை 48,770 ரூபாய். வருடத்துக்கு 97,500. புது வண்டிக்கு வங்கித் தவணை வருடத்துக்கு 1 லட்சத்து 6 ஆயிரம். பாதி விலை வண்டிக்குத் தவணையும் பாதியாக இருக்கும் என்று நினைத்தால், முதல் மூன்று வருடம் ஏறக்குறைய அதே சுமைதான். பழைய வண்டி லாபமாவது பெரும்பாலும் கைக்காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு.

மானியம்: வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக ரோட்டவேட்டர், பவர் டில்லர் போன்ற கருவிகளுக்கு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பும் உண்டு. எந்தக் கருவிக்கு இந்த வருடம் நிதி இருக்கிறது என்பதை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உழவன் செயலியிலும் விண்ணப்பிக்கலாம். வரிசை முக்கியம்: முதலில் விண்ணப்பம், அப்புறம் அனுமதி, அதன் பிறகு பில். ரோட்டவேட்டரை முதலிலேயே வாங்கிவிட்டு பில்லோடு போனால் பணம் வராது. மானியம் வரத் தாமதமாகலாம் என்பதால், அது வராது என்று வைத்துத்தான் தவணைக் கணக்கைப் போட வேண்டும்.

கடைசிக் கணக்கு: 60 மணி போதுமா?

இனிதான் பலரும் போடாமல் விடும் கணக்கு.

ஊரில் மினி டிராக்டர் வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டியில் டீசல் 250, ஆயிலும் சர்வீஸும் 100 என மணிக்கு 350 ஆகிறது. ஆக, சொந்தத் தோட்டத்தில் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் மிச்சம் 650. வருடம் 60 மணிக்கு 39,000 ரூபாய்.

செலவுப் பக்கம் பார்த்தால், தவணை 1 லட்சத்து 6 ஆயிரம், இன்சூரன்ஸுக்கு 8,000. மொத்தம் 1 லட்சத்து 14 ஆயிரம். 75,000 ரூபாய் குறைகிறது. வங்கியில் இருந்த இரண்டரை லட்சத்துக்கு வந்துகொண்டிருந்த வட்டியை இதில் சேர்க்கவே இல்லை.

அந்த 75,000-ஐ வெளி வேலையிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வெளியே போகும்போது ஓட்டுபவர் கூலி மணிக்கு 150 போனால் மிச்சம் 500. அப்படியானால் வருடத்துக்கு 150 மணி நேரம். ஒரு நாளைக்கு 6 மணி வீதம் 25 நாள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தோட்டங்களில் வேலை வருவது தன் தோட்டத்திலும் வேலை இருக்கும் அதே நாட்களில்தான். ஓட்டுவது அப்பாவா, அவருக்கு வயது என்ன, வேறு ஆள் இருக்கிறாரா என்ற கேள்விகளும் இந்த 25 நாளுக்குள் இருக்கின்றன.

வெளி வேலைக்குப் போவதாக இருந்தால் இன்சூரன்ஸ் எடுக்கும்போதே அதைச் சொல்லி, பாலிசியில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிரெய்லரில் ஆள் ஏற்றிப் போய் விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பது பெரும் சிக்கல். டிராக்டரில் சீட் ஒன்றுதான், அது ஓட்டுபவருக்கு.

150 மணி நேரம் வெளி வேலைக்கு வழியே இல்லை என்றால் வாடகைக்கே தொடர்வது மலிவு. வேளாண்மைப் பொறியியல் துறையே இ-வாடகை திட்டத்தில் டிராக்டரையும் கருவிகளையும் மணி வாடகைக்குத் தருகிறது. மழைக்கு முன்பே பதிவு செய்து வைத்தால் தனியார் வண்டிக்காகக் காத்திருக்கும் நாட்கள் குறையலாம்.

வாடகைப் பணத்தைத் தாண்டி ஒன்று இருக்கிறது: பதம் தவறாமல் உழுவது. அதற்கு ஒரு விலை உண்டு; ஆனால் அதை அவரவர்தான் போட வேண்டும். நாலு நாள் தாமதத்தால் போன வருடம் கரும்பில் களை எடுக்க எத்தனை ஆள் கூடுதலாக விட்டோம் என்று அப்பாவுக்குத் தெரியும். அந்தக் கூலியை 39,000 ரூபாயோடு கூட்டிக்கொண்டால், வெளியே ஓட வேண்டிய 150 மணி கொஞ்சம் குறையும்.

உதாரணக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் வருகிற பதில் இதுதான். 42 எச்.பி. வண்டி நல்ல வண்டி, ஆனால் அவர்கள் தோட்டத்துக்கு அல்ல. 27 எச்.பி. சரியான வண்டி, ஆனால் 60 மணி நேரத்துக்கு அல்ல. புக் செய்வதற்கு முன் அப்பா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டத் தோட்டக்காரர்களிடம் பேசி வர வேண்டும். 4 அடி வரிசையில் கரும்பு வைத்திருப்பவர் யார், தென்னந்தோப்பு வைத்துவிட்டு ரோட்டவேட்டருக்குக் காத்திருப்பவர் யார், வருடத்தில் எத்தனை மணி கூப்பிடுவார்கள் என்று பேர் போட்டு எழுத வேண்டும். ‘கூப்பிடுவோம்’ என்று சொன்னதில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்தப் பாதி 150-ஐத் தொட்டால் ஷோரூமுக்குப் போகலாம். தொடவில்லை என்றால் இந்த வருடம் ரோட்டவேட்டர் மானியத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, நோட்டை மூடி வைத்து, அடுத்த கரும்பு நடவுக்கு முன் இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.